காபி அலர்ஜியா, காபி ஒத்துக்கலையா? டம்ளரைப் பிரித்துப் பார்ப்போம்

மேற்கு மாம்பலத்தில் ஒரு அலர்ஜி கிளினிக்கில் தோல் சோதனை செய்வது என் வேலை. பதினோரு வருஷமாக ஆட்களின் முன்கையில் பேனாவால் கோடு போட்டு, சொட்டு வைத்து, குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் அறைக்குள் போவதற்கு முன்னால் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள், அதிலும் காபி பற்றித்தான் நிறைய. அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

காபி குடிச்சா வயிறு உப்பி கடமுடன்னு சத்தம் போடுது. எனக்குக் காபி அலர்ஜின்னு சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். வயிறு மட்டும் தகராறு செய்தால் அது அனேகமாக ஒத்துக்கொள்ளாமைதான், அதுவும் காபிக்கொட்டை ஒத்துக்காததாக இருக்கணும் என்றுகூட இல்லை. நம்மூர் டம்ளரில் டிகாக்ஷன் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் பால். அப்புறம் சிக்கரி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. பழி மட்டும் காபிக்கு.

ஒவ்வாமை, ஒத்துக்காதது, ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்குப் பிரிச்சுப் பேசறீங்க?

அகராதியில் ஒன்றுதான். உடம்புக்குள் நடப்பது வேறு வேறு.

அலர்ஜி என்றால் நம் நோய் எதிர்ப்பு சக்தி ஒரு உணவிலுள்ள புரதத்தை எதிரி என்று முத்திரை குத்தி, அதற்கென்றே ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைத் தயார் செய்து வைத்திருக்கிறது. அடுத்த முறை அந்தப் புரதம் உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. ஒரு வாய் போதும். பெரும்பாலும் சில நிமிஷத்தில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடும், தோல், மூச்சு, ரத்த அழுத்தம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கை வைக்கும்.

ஒத்துக்கொள்ளாமையில் இந்த எதிரி விளையாட்டே கிடையாது. ஜீரணிக்க வேண்டிய ஒரு நொதி குறைவாக இருக்கும், அல்லது கஃபீன் உடம்பை விட்டு வெளியேற நேரமாகும், அல்லது இரைப்பையில் அமிலம் கூடும். இங்கே அளவுதான் பேசும். அரை டம்ளருக்கு ஒன்றுமில்லை, இரண்டு டம்ளருக்கு ரகளை என்றால் அது அலர்ஜியின் குணம் இல்லை. அவஸ்தை நிஜம்தான், உயிருக்கு ஆபத்து வராது. அதனால்தான் பிரித்துப் பேசுகிறோம்: ஒன்றை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், இன்னொன்றைச் சோதிக்கவே கூடாது.

அப்ப நிஜ அலர்ஜின்னா எப்படித் தெரியும்?

முதலில் தோலைப் பாருங்கள். கொசு கடித்த மாதிரி மேடான, சிவந்த, அரிக்கிற தடிப்புகள், ஓரிடத்தில் அமுங்கி இன்னோரிடத்தில் கிளம்பும். உதடு, கண் இமை வீங்கலாம். நாக்கும் தொண்டையும் நமநமவென்று அரிக்கும், தொடர் தும்மல், மூக்கில் தண்ணீர். இதற்கு மேல் போனால் குரல் கம்மும், தொண்டை இறுகும், இழுப்பு வரும், வாந்தி, தலைசுற்றல், கண் இருட்டல்.

தடிப்போடு மூச்சோ வாந்தியோ மயக்கமோ சேர்ந்தால் அது அனஃபிலாக்ஸிஸ். தடிப்பே வராமல் தொண்டையும் மூச்சும் மட்டும் அடைபட்டாலும் அவசரம்தான், தோல் சுத்தமாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

அப்படி வந்துட்டா வீட்டுல இருக்கிற செட்ரிசின் போட்டுப் படுத்துக்கலாமா?

கூடாது. செட்ரிசின் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடைபடுகிற தொண்டையைத் திறக்காது, இறங்குகிற ரத்த அழுத்தத்தை ஏற்றாது. அதைச் செய்வது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் எமர்ஜென்சி இருந்தால் அங்கே தூக்கிக்கொண்டு போங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். மாடிப்படி இறங்கி நடக்கச் சொல்லாதீர்கள், சட்டென்று எழுந்து நிற்கும்போதுதான் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுகிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் நாற்காலியோடு தூக்குங்கள்.

ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். அடங்கியது மறுபடி கிளம்புவது உண்டு, அதற்காகத்தான்.

உங்க கிளினிக்ல நிஜமாவே காபி அலர்ஜி உள்ளவங்களைப் பார்த்திருக்கீங்களா?

பார்த்திருக்கிறேன், கை விரலில் எண்ணிவிடலாம். நன்றாக நினைவில் இருப்பவர் ஒரு காபிப்பொடிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி, இருபத்தாறு வயசு. வேடிக்கை என்னவென்றால் அவர் ஒரு நாளைக்கு நாலு காபி குடிப்பார், ஒன்றும் ஆகாது. பச்சைக் கொட்டை மூட்டையை அவிழ்த்து வறுக்கும் டிரம்மில் கொட்டும்போதுதான் தும்மல், கண் அரிப்பு, மத்தியானத்துக்குள் நெஞ்சில் விசில் சத்தம். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கு நிம்மதி. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஐந்து நாள் இருந்தபோது இழுப்பு சுத்தமாக நின்றுபோயிருக்கிறது. அவர் அம்மா மெட்ராஸ் காற்று ஒத்துக்கலை என்று முடிவு கட்டிவிட்டார்.

மருத்துவ நூல்களில் காபி அலர்ஜி என்று பதிவானதில் பெரும்பகுதி இப்படித்தான்: குடிப்பவர்களுக்கு இல்லை, பச்சைக் கொட்டைத் தூசியை வேலையிடத்தில் சுவாசிப்பவர்களுக்கு. அந்தத் தூசியிலுள்ள கைட்டினேஸ் வகைப் புரதம் ஒன்றை அலர்ஜி தரும் பொருளாக அடையாளம் கண்டு ‘காஃப் ஏ 1’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வறுக்கும் சூட்டில் கொட்டையின் புரதங்களில் நிறையச் சிதைந்துவிடுகின்றன, டம்ளருக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். இன்னொரு கிளைக்கதையும் உண்டு. முன்பு ஆமணக்குக்கொட்டை ஏற்றிய சாக்கையே காபிக்கும் பயன்படுத்தியதில், காபித் தொழிலாளர்கள் சிலருக்கு இருந்தது ஆமணக்கு அலர்ஜி என்று தெரியவந்தது. மூட்டை காபி மூட்டைதான், வில்லன் அதற்கு முன்னால் உள்ளே இருந்தவன்.

தம்பிக்கு டாக்டர் கொடுத்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய், பீக் ஃப்ளோ மீட்டர், மூச்சை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ள முடிகிறது என்று காட்டுவது. ஒரு நாளைக்கு நாலு தடவை ஊதி எண்ணை எழுதச் சொன்னார், கடை நாளிலும் லீவு நாளிலும் சில வாரங்களுக்கு. வேலை நாளில் எண் இறங்கி, லீவில் ஏறியது கோடு போட்ட மாதிரி தெரிந்தது. நான் பச்சைக் கொட்டையை வைத்துத் தோலில் குத்தியதில் நல்ல தடிப்பு. இப்போது அவர் அதே கடையில் பில் போடுகிறார், மூட்டை பக்கம் போவதில்லை.

குடிக்கிறவங்களுக்கு வரவே வராதா?

வரும், அரிது. வறுத்த காபியைக் குடித்து அனஃபிலாக்ஸிஸ் ஆனவர்கள் உண்டு. கஃபீனுக்கே தடிப்பு வந்தவர்கள் அதைவிட அரிது. கஃபீன்தான் காரணம் என்றால் டீ, கோலா, கஃபீன் கலந்த தலைவலி மாத்திரை எல்லாவற்றுக்கும் வரணும். காபிக்கு வருகிறது, டீக்கு வரவில்லை என்றால் கஃபீனை விட்டுவிட்டு மற்றதைத் தேடலாம். கஃபேயில் குடித்த காபி என்றால் ஹேசல்நட் சிரப், பாதாம் பால், சோயா பால் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். கொட்டைப்பருப்பு அலர்ஜி காபி வேஷத்தில் வருவதும் நடக்கிறது.

சரி, எனக்கு வயித்துக் கோளாறு மட்டும்தான். டம்ளர்ல எது காரணம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நங்கநல்லூரிலிருந்து வந்த ஒரு அக்கா கதையைச் சொல்கிறேன், அதிலேயே முறை இருக்கிறது.

முப்பத்தெட்டு வயசு, பள்ளிக்கூட டீச்சர். காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு காபி, ஆறரைக்கு இன்னொன்று. இரண்டும் பெரிய டம்ளர், தண்ணீர் கலக்காத கெட்டிப் பால். ஏழரை மணிக்கு வயிறு உருள ஆரம்பிக்கும், மெட்ரோ ஸ்டேஷன் போவதற்குள் இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் ஒருநாளும் இல்லை. ‘காபி அலர்ஜி, டெஸ்ட் பண்ணுங்க’ என்று வந்தார். சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் காபி குடிப்பீர்களா என்றேன். குடிப்பேன், அது சின்னக் கப், அதற்கு ஒன்றும் பண்ணாது என்றார். அந்த ஒரு பதில் போதும். காலையில் ரகளை செய்கிற அலர்ஜி சாயங்காலம் சமர்த்தாக இருக்காது.

டாக்டர் அவரை டம்ளரைப் பிரிக்கச் சொன்னார். முதல் மூன்று நாள் அதே பொடி, அதே நேரம், பாலுக்குப் பதில் வெந்நீர். உருளல் இல்லை. மூன்றாம் நாள் மட்டும் வெறும் வயிற்றில் நெஞ்செரிச்சல், அது வேறு சமாச்சாரம், இரண்டு இட்லி சாப்பிட்டுக் குடித்ததும் போய்விட்டது. அடுத்து காபியே இல்லாமல் அதே அளவு பால் மட்டும், 300 மில்லி. ஏழரைக்கு ‘வந்துடுச்சு’ என்று ஃபோன் பண்ணினார், சந்தோஷமாகத்தான். அப்புறம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை நீக்கிய பாலில் அதே இரண்டு காபி. ஒன்றுமில்லை.

கணக்கும் ஒத்துவருகிறது. 100 மில்லி பாலில் கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ். லாக்டோஸ் ஜீரணக் குறைவு உள்ளவர்களில் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். ஸ்டாஃப் ரூம் கப்பில் இருப்பது நாலைந்து கிராம். காலையில் முக்கால் மணி நேரத்துக்குள் உள்ளே போனது பதினாலு, பதினைந்து. ஜீரணமாகாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவிடம் மாட்டிப் புளிக்கிறது, காற்று, தண்ணி, சத்தம். வளர்ந்த பிறகு லாக்டோஸை ஜீரணிக்கும் நொதி குறைவது வியாதி இல்லை, வட இந்தியாவைவிடத் தெற்கே இது அதிகம். அதே அக்காவுக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது, ஏனென்றால் உறைய வைக்கும் பாக்டீரியாவே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

நேரத்தையும் கவனியுங்கள். குடித்த சில நிமிஷத்திலேயே டாய்லெட் ஓட வைத்தால் அது பால் இல்லை, காபியேதான். காபி பெருங்குடலைத் தட்டி எழுப்பும், கஃபீன் நீக்கிய காபிகூடக் கொஞ்சம் எழுப்பும். நிறையப் பேர் அதற்காகவேதான் குடிக்கிறார்கள், அதைக் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு மணி, இரண்டு மணி கழித்து உப்புசமும் உருளலும் என்றால் பால் பக்கம் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பிரித்துப் பார்க்கிற வேலை வயிறும் படபடப்பும் மட்டும் உள்ளவர்களுக்கு. ஒரே ஒரு தடவை தடிப்போ உதட்டு வீக்கமோ மூச்சு இறுக்கமோ வந்திருந்தாலும் வீட்டில் செய்யக் கூடாது. இன்னொன்று, லாக்டோஸ் நீக்கிய பாலில் சர்க்கரைதான் மாறியிருக்கிறது, பால் புரதம் அப்படியே இருக்கிறது. பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு ‘இது ஒத்துக்கும்’ என்று கொடுத்துவிடாதீர்கள்.

சிக்கரி மேல சந்தேகமா இருக்கு. அதுல என்ன பிரச்சினை?

சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்து அரைப்பது. அதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து சிலருக்குக் காற்று உண்டாக்கும், பாலோடு சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். சூரியகாந்திக் குடும்பத்துச் செடி என்பதால் அந்தக் குடும்பத்துத் தாவரங்களுக்கு அலர்ஜி உள்ள சிலருக்கு இதுவும் கிளப்பலாம், ஆனால் அரிதாகத்தான் பார்க்கிறோம்.

சோதிப்பது சுலபம், பொடிக்கடையில் ‘சிக்கரி எவ்வளவு?’ என்று கேட்பார்கள் இல்லையா, ‘வேண்டாம்’ என்று சொல்லி நூறு கிராம் வாங்கி ஒரு வாரம் பாருங்கள். பாக்கெட் என்றால் பின்பக்கம் காபி இவ்வளவு சதவீதம், சிக்கரி இவ்வளவு சதவீதம் என்று போட்டிருக்கணும், கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை போகச் சட்டம் அனுமதிக்கிறது. விலை மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டவர்கள் அந்த எழுத்தை ஒருமுறை படியுங்கள்.

சிக்கரி இல்லாத பொடிக்கு மாறினதுல இருந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது. இது அலர்ஜியா?

இல்லை, கஃபீன். சிக்கரியில் கஃபீன் கிடையாது, அதை எடுத்துவிட்டு அதே அளவு பொடி போட்டால் டிகாக்ஷனில் கஃபீன் கூடத்தானே செய்யும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் 150 மில்லி டிகாக்ஷன் காபிக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை கஃபீன், நாளுக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு 200-க்குள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரமாகும், ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இன்னும் இழுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் பழகிய காபியே படபடப்பாக மாறலாம். சிகரெட்டை விட்டவர்களுக்கும் அப்படித்தான், புகை கஃபீனைச் சீக்கிரம் வெளியேற்றிக்கொண்டிருந்தது, இப்போது அந்த வேகம் இல்லை. காபியைக் குறைத்தும் படபடப்பு நிற்கவில்லை என்றால் தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்பு மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள்.

அப்பாவுக்குக் காபி குடிச்ச கொஞ்ச நேரத்துல உதடு வீங்கிடுச்சு. தடிப்பு, அரிப்பு எதுவும் இல்லை. காபியை நிறுத்திட்டோம், சரிதானே?

காபியை விடுங்கள், அவர் பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் என்று ‘பிரில்’ என முடிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லணும். அந்த வகை மாத்திரை அரிப்பே இல்லாமல் உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கும், பல மாதம், ஏன் வருஷக்கணக்கில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிறகும். அரிப்பு மாத்திரைக்கு அது அவ்வளவாக அடங்காது. அறுபதைத் தாண்டியவர்கள் தினமும் காபி குடிக்கிறார்கள், அதனால் எது நடந்தாலும் அது காபிக்கு அப்புறம் நடந்ததாகத்தான் இருக்கும். வீக்கம் மறுபடி வந்து நாக்கு, தொண்டை பக்கம் போனால் நேராக எமர்ஜென்சி. மாத்திரையை என்ன செய்வது, எதற்கு மாற்றுவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும், அதற்கு அன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள்.

சூடான காபி குடிச்சதும் உடம்பெல்லாம் பொடிப்பொடியா அரிக்குது, மே மாசத்துல ரொம்ப. இது?

குண்டூசித் தலை அளவு தடிப்பு, வெந்நீர்க் குளியலுக்கும் மாடிப்படி ஏறினாலும் வருகிறது என்றால் அது சூட்டுக்கும் வியர்வைக்கும் வரும் ஒரு வகைத் தடிப்பு. ஆறின காபிக்கு வராது, சூடான ரசத்துக்கு வரும். டாக்டரிடம் காட்டுங்கள், மருந்து இருக்கிறது.

ஆன்லைன்ல இருநூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனைன்னு விளம்பரம் வருதே, எடுக்கலாமா?

அந்தப் பணத்துக்கு நல்ல காபிப்பொடி வாங்கலாம். அவற்றில் பல பார்ப்பது ஐஜிஜி என்ற ஆன்டிபாடியை. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதற்குத்தான் அது அடையாளம், ஒத்துக்காததற்கு இல்லை. தினமும் காபியும் பாலும் கோதுமையும் சாப்பிடுகிறவருக்கு அந்த மூன்றும் சிவப்பில் வந்தால் ஆச்சரியம் என்ன? ஒரு அம்மா நாற்பது உணவை நிறுத்திவிட்டு ஆறு கிலோ இளைத்து வந்தார்.

எங்களிடம் நடப்பது இது. சொட்டு வைத்து நுனி மட்டும் தோலில் படக் குத்தி, பதினைந்து நிமிஷம் கழித்து அளப்போம், வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிய மேடு இருக்கணும். காபிக்கு உங்கள் வீட்டுப் பொடியையே கரைத்து வைப்பது வழக்கம், அது சும்மாவே தோலை எரிக்கிறதா என்று பார்க்க எங்களில் ஒருத்தர் கையிலும் குத்திக்கொள்வோம். என் கையில் எத்தனை பிராண்ட் ஏறியிருக்கிறது என்று கேட்காதீர்கள். ஐந்து முதல் ஏழு நாள் முன்பே அரிப்பு மாத்திரையை நிறுத்தியிருக்கணும், அதையும் டாக்டரைக் கேட்டு. மேடு வந்தால் மட்டும் அலர்ஜி என்று எழுதிவிட மாட்டோம், குடித்தபோது என்ன ஆனது என்ற கதையோடு பொருந்தணும். சந்தேகம் தீராவிட்டால் ஆஸ்பத்திரியில், அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் குடிக்க வைத்துப் பார்ப்பார்கள்.

வெறும் ஒத்துக்காததுதான்னா டாக்டர் கிட்ட போகவே வேண்டாமா?

மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, விழுங்கும்போது சிக்குவது, இவை இருந்தால் காபியைப் பிரித்துக்கொண்டிருக்காமல் போகணும். படபடப்போடு மயக்கம் வந்தாலும் சரி. நெஞ்செரிச்சல் என்று நினைத்தது இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், அன்றைக்கே, அந்த நேரமே எமர்ஜென்சி.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துட்டு வரணும்?

தடிப்பு வந்தபோது எடுத்த ஃபோட்டோ, ஏனென்றால் எங்களிடம் வரும்போது ஒன்றும் இருக்காது. எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதே காபி வேறு நாளில் ஒன்றும் செய்யாமல் இருந்ததா. சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. அப்புறம் வீட்டுக் காபிப்பொடி, இரண்டு ஸ்பூன், சின்ன டப்பாவில், சிக்கரி சதவீதம் எழுதிய பாக்கெட்டோடு. டிகாக்ஷனாக இறக்கிக் கொண்டு வராதீர்கள். ஒருத்தர் ஃபிளாஸ்க்கில் பால் கலந்து, சர்க்கரை போட்டு, சூடாகக் கொண்டு வந்தார், அதை வைத்துத் தோலில் எதையும் சோதிக்க முடியவில்லை.